சுழலும் புரொப்பல்லருக்கு நடுவே சுட்டது எப்படி?

கேள்வி: 1914ல் விமானம் வேவு பார்க்கத்தானே இருந்தது? நாலே வருஷத்தில் அது எப்படி ஒன்றையொன்று துரத்திச் சுடும் எந்திரமாச்சு? முன்னால் புரொப்பல்லர் சுற்றும்போது அதன் வழியாகச் சுட்டால் உடையாதா?

உடையும். பல பேருக்கு உடைந்தும் இருக்கிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் முதல் கேள்விக்கும் பதில் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது எந்த நாட்டிடமும் சண்டை விமானம் என்று தனியாக ஒன்று இல்லை. இருந்தவை எல்லாம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்கானவை. அந்த வேலையை அவை நன்றாகவே செய்தன. பாரிஸை நோக்கி வந்துகொண்டிருந்த ஜெர்மானிய முதல் படை திசை மாறித் தென்கிழக்கே திரும்பியதைச் செப்டம்பர் தொடக்கத்தில் விமானிகள் கண்டு சொன்னார்கள். மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியர்களைத் தடுத்து நிறுத்த முடிந்ததில் அந்தத் தகவலுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிரியின் விமானம் நம்மைப் பார்க்காமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு எல்லாத் தளபதிகளுக்கும் தானாகவே வந்துவிட்டது. தடுக்கத்தான் வழி இல்லை.

விமானிகள் கைத்துப்பாக்கியும் ரைஃபிளும் எடுத்துப்போனது உண்மை. செங்கல் வீசினார்கள், கயிற்றில் கொக்கி கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சுற்றும் கதைகளில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் ரைஃபிளால் ஏன் முடியவில்லை என்பது தெளிவு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் இரண்டு பொருள்கள், இரண்டும் ஆடுகின்றன, நடுவே காற்று அறைகிறது. ஒற்றைக் குண்டு படுவது அதிர்ஷ்டம். சரி, எந்திரத் துப்பாக்கியை ஏற்றலாமே என்றால் எடை இடித்தது. 1914 ஆகஸ்ட் 22ல் லூயிஸ் ஸ்ட்ரேஞ்ச் என்ற பிரிட்டிஷ் விமானி தன் ஃபார்மன் விமானத்தில் லூயிஸ் எந்திரத் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு ஒரு ஜெர்மானிய விமானத்தை மறிக்கப் போனார். எதிரி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தான். துப்பாக்கியையும் சுடுபவரையும் சுமந்த ஃபார்மனோ ஆயிரம் மீட்டரைத் தாண்டவே திணறியது. இறங்கியதும் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு ரைஃபிளோடு போகும்படி உத்தரவு வந்தது.

அந்த வருஷம் அக்டோபர் 5ல், பிரான்ஸில் ரெய்ம்ஸ் நகருக்கு அருகே, ஜோசப் ஃப்ரான்ட்ஸ், லூயி கெனோ என்ற பிரெஞ்சு ஜோடி ஒரு வுவாஸான் விமானத்திலிருந்து ஜெர்மானிய ஏவியாட்டிக் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. ஒரு விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்திய முதல் நிகழ்ச்சியாகப் பொதுவாக இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். (அதற்கு ஒரு மாதம் முன்பே ரஷ்யாவின் நெஸ்தெரோவ் ஓர் ஆஸ்திரிய விமானத்தை மோதி வீழ்த்தினார், மோதலில் அவரும் செத்தார்.) வுவாஸானில் எஞ்சினும் புரொப்பல்லரும் ஆட்களுக்குப் பின்னால் இருந்தன. முன்பக்கம் முழுக்கத் திறந்த வெளி, சுடுவதற்குத் தடையே இல்லை. அப்படியானால் எல்லாரும் எஞ்சினைப் பின்னால் வைத்திருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். பின்னால் புரொப்பல்லர் சுற்றினால் வாலைத் தாங்க நேரான உடல் வைக்க முடியாது. புரொப்பல்லரைச் சுற்றிக்கொண்டு போகும் நான்கு கம்புகளில் வாலைக் கட்ட வேண்டும். அந்தக் கம்பும் கம்பியும் காற்றில் இழுக்கும் இழுப்பால் வேகம் போய்விடும். விழுந்தால் எஞ்சின் விமானியின் முதுகில் வந்து இறங்கும் என்பது இன்னொரு சங்கடம்.

ஆக வேகமான விமானம் வேண்டுமென்றால் எஞ்சின் முன்னால்தான். ஒரே ஆள் பறக்கும் சிறு விமானம் என்றால் இன்னும் நல்லது. ஆனால் ஒரே ஆள் ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் துப்பாக்கியைத் திருப்பிக் குறிபார்க்க முடியாது. துப்பாக்கியை விமானத்தோடு ஆடாமல் இறுக்கிவிட்டு, விமானத்தையே எதிரிக்கு நேராகத் திருப்பினால் என்ன? சண்டை விமானம் பிறந்தது இந்த யோசனையில்தான். அதற்குக் குறுக்கே நின்ற ஒரே பொருள், மூக்கில் சுற்றிய மரப் புரொப்பல்லர்.

முதலில் வந்தது முரட்டு வழி. பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் தன் மொரான்-சோல்னியே விமானத்தின் புரொப்பல்லரில், குண்டு படக்கூடிய இடத்தில் எஃகு ஆப்புகளைப் பொருத்தினார். பெரும்பாலான குண்டுகள் இடைவெளியில் போய்விடும், புரொப்பல்லரில் படும் சில ஆப்பில் பட்டுச் சிதறட்டும் என்பது கணக்கு. 1915 ஏப்ரல் 1 முதல் மூன்று வாரத்துக்குள் மூன்று விமானங்களை வீழ்த்தினார். ஆனால் ஒவ்வொரு அடியும் புரொப்பல்லரையும் அதைச் சுழற்றும் எஞ்சினையும் உலுக்கும், தெறிக்கும் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஆப்பு மாட்டிய புரொப்பல்லர் இழுக்கும் சக்தியும் குறையும். ஏப்ரல் 18ல் அவர் பெல்ஜியத்தில் ஜெர்மானியர்கள் பிடித்திருந்த பகுதியில் இறங்க நேர்ந்தது. விமானம் எதிரி கைக்குப் போனது. அதைப் பார்த்த ஜெர்மானியர்கள் தங்கள் குண்டை வைத்து அதே ஆப்பைச் சோதித்தபோது ஆப்பு தாங்கவில்லை. பிரெஞ்சுக் குண்டு செம்புக் கலவை, மென்மையானது. ஜெர்மானியக் குண்டுக்கு எஃகு உறை.

அந்தப் புரொப்பல்லரைப் பார்த்த, ஜெர்மானியர்களுக்கு விமானம் கட்டிய ஆந்தனி ஃபாக்கர் இரண்டே நாளில் புது அமைப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்பது அவரே பரப்பிய கதை. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் சுழற்சியையும் துப்பாக்கியையும் இணைக்கும் யோசனைக்கு ஃப்ரான்ஸ் ஷ்னைடர் என்ற பொறியாளர் 1913லேயே காப்புரிமை எடுத்திருந்தார். காரோஸின் விமானத்தைத் தயாரித்த சோல்னியேவும் போருக்கு முன்பே அதை முயன்று பார்த்துக் கைவிட்டவர்தான். ஃபாக்கர் தொழிற்சாலையில் ஹைன்ரிஹ் லுப்பே போன்ற பொறியாளர்களின் கை இதில் இருந்தது. போர்முனைக்குப் போய் வேலை செய்த முதல் அமைப்பு ஃபாக்கருடையது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இந்த அமைப்பைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. துப்பாக்கி பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும், புரொப்பல்லர் குறுக்கே வரும்போது மட்டும் அது தடுக்கப்படும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எஞ்சினோடு சேர்ந்து ஒரு வட்டு சுற்றும். அதன் விளிம்பில் ஓரிடத்தில் மேடு இருக்கும்; மெக்கானிக்குகள் கேம் என்பது இதைத்தான். மேடு வரும்போதெல்லாம் அது ஒரு கம்பியைத் தள்ளும். விமானி பொத்தானை அழுத்தாதவரை அந்தத் தள்ளல் துப்பாக்கிக்குப் போகாது. அழுத்தினால் கம்பி துப்பாக்கியின் விசையோடு சேர்ந்துகொள்ளும். அதாவது விமானி சுடுவதில்லை, சுட அனுமதி மட்டும் கொடுக்கிறார். ஒவ்வொரு குண்டையும் சுடுவது எஞ்சின்தான், அதுவும் எதிரே பாதை காலியாக இருக்கும் நொடியில். எதையும் தடுக்க வேண்டிய அவசியமே வராது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே தப்பு நேரும் என்பது புரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வையுங்கள். நொடிக்கு 20 சுற்று, ஒரு சுற்றுக்கு 50 மில்லிநொடி. புரொப்பல்லருக்கு இரண்டு அலகு, அதாவது இரண்டு இறகு. ஆகவே 25 மில்லிநொடிக்கு ஒரு அலகு துப்பாக்கியைக் கடக்கும். ஒரு மில்லிநொடியில் புரொப்பல்லர் 7 பாகைக்குக் கொஞ்சம் மேல் திரும்பிவிடும். துப்பாக்கி முனையிலிருந்து புரொப்பல்லர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், நொடிக்கு 800 மீட்டர் போகும் குண்டுக்கு அந்தத் தூரம் ஒன்றேகால் மில்லிநொடி. அதற்குள் புரொப்பல்லர் 9 பாகை நகர்ந்திருக்கும். இதையெல்லாம் சேர்த்து, ஓர் அலகு கடந்து 40 பாகை போனபிறகு குண்டு அந்த இடத்தைத் தாண்டும்படி கேமைப் பூட்டுகிறோம். அடுத்த அலகு வர இன்னும் 140 பாகை இருக்கிறது. தாராளமான இடைவெளி.

இப்போது ஒரு தோட்டாவின் மருந்து சட்டென்று பற்றாமல் 20 மில்லிநொடி தயங்கிப் பற்றுகிறது. கண்ணுக்கோ காதுக்கோ தெரியாத தாமதம். அதற்குள் புரொப்பல்லர் 144 பாகை திரும்பிவிட்டது. 40ம் 144ம் 184. குண்டு நேராக அடுத்த அலகின் நடுவில் போய் இறங்கும். கேமும் கம்பியும் குறையில்லாமல் வேலை செய்தும் புரொப்பல்லர் போய்விட்டது. சோல்னியேவின் ஆரம்ப முயற்சியைக் கவிழ்த்தது முக்கியமாகத் தோட்டாக்களின் இந்தச் சீரின்மைதான். பிற்பாடு இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே தனியாகத் தேர்ந்தெடுத்த தோட்டாக்களை ஒதுக்கினார்கள்.

துப்பாக்கியின் வகையும் முக்கியம். ஜெர்மானியர்களின் பாரபெல்லமும் மாக்சிம் வழி வந்த மற்றத் துப்பாக்கிகளும், பிரிட்டிஷ் விக்கர்ஸும், தோட்டா ஏற்கெனவே அறைக்குள் உட்கார்ந்து தயாராக இருக்கும் நிலையில் சுடுபவை. விசை விழுந்ததும் ஊசி அடிக்கும், அவ்வளவுதான். லூயிஸ் துப்பாக்கியில் விசையை இழுத்த பிறகுதான் பின்பகுதி முன்னோக்கி ஓடி, தோட்டாவைத் தள்ளி ஏற்றி, பிறகு சுடும். அந்த ஓட்டத்துக்கு ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் புரொப்பல்லருக்கு நடுவே சுட லூயிஸ் ஒத்துவரவில்லை. நேச நாடுகள் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கையில் இருந்த இலேசான நல்ல துப்பாக்கி இந்த வேலைக்கு உதவாத துப்பாக்கி.

எஞ்சின் வேகம் மாறினால் இன்னொரு தொல்லை. கம்பி தள்ளி, ஊசி அடித்து, மருந்து பற்றி, குண்டு புரொப்பல்லரை எட்ட மொத்தம் 5 மில்லிநொடி ஆகிறது என்றால் அது கிட்டத்தட்ட மாறாத நேரம். ஆனால் அந்த நேரத்தில் புரொப்பல்லர் திரும்பும் கோணம் 1,200 சுற்றில் 36 பாகை, 600 சுற்றில் 18 பாகைதான். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சுட்டால் குண்டு, கடந்துபோன அலகின் பின்விளிம்பை நெருங்கிவிடும். அதனால் எஞ்சின் குறிப்பிட்ட சுற்றுக்குள் இருக்கும்போது மட்டும் சுட வேண்டும். தரையில் இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று இருந்தது. புரொப்பல்லரோடு ஓர் ஒட்டுப்பலகை வட்டைப் பூட்டி, எஞ்சினை ஓட்டிச் சில குண்டுகள் சுடுவார்கள். ஓட்டைகள் அலகுக்குத் தள்ளி ஓரிடத்தில் குவிந்திருந்தால் சரி. வட்டத்தில் இழுத்தாற்போல் பரவியிருந்தால் இணைப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது தோட்டா மோசம். மொத்தமாக அலகை நோக்கி நகர்ந்திருந்தால் கேமைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

இந்தத் துப்பாக்கியோடு வந்த ஃபாக்கர் ஐன்டெக்கர், விமானம் என்ற அளவில் சாதாரணம். ஒற்றை இறக்கை, முதல் வகையில் 80 குதிரைத்திறன் எஞ்சின், பக்கவாட்டில் சாய்வதற்கு இறக்கையையே கம்பியால் முறுக்கும் பழைய முறை. அடுத்து வந்த மூன்றாம் வகையே மணிக்கு 140 கிலோமீட்டரைத்தான் எட்டியது. 1915 ஜூலை 1ல் ஜெர்மானிய விமானி குர்ட் வின்ட்கென்ஸ் இதில் முதல் வெற்றி பெற்றார். ஆகஸ்ட் 1ல் மாக்ஸ் இம்மெல்மான் தன் வெற்றிக் கணக்கைத் தொடங்கினார். அந்த ஆண்டுக் கடைசியில்கூடப் போர்முனையில் இவை நூறுக்கும் குறைவுதான். ஆனாலும் எதிரே வந்த பிரிட்டிஷ் பி.இ.2சி அவற்றுக்கு வாகாக மாட்டியது. அது கையை விட்டாலும் தானாக நேராகப் பறக்கும்படி கவனமாக வடிவமைத்த விமானம். படமெடுக்க அதைவிட நல்லது கிடையாது. துரத்தப்படும்போது அதே குணம்தான் எமன். திரும்பச் சொன்னால் திரும்ப யோசிக்கும். வேவு பார்ப்பவர் முன்இருக்கையில், மேலும் கீழும் இறக்கை, சுற்றிலும் கம்பும் கம்பியும் என்று கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்; துப்பாக்கி கொடுத்தாலும் எந்தப் பக்கம் சுடுவார்? 1916 ஜனவரி 14ல் வந்த உத்தரவு, வேவுக்குப் போகும் ஒவ்வொரு விமானத்தோடும் குறைந்தது மூன்று சண்டை விமானங்கள் துணைக்குப் போக வேண்டும் என்றது. ஒரு புகைப்படத்துக்கு நான்கு விமானம்.

இணைப்பு அமைப்பு இல்லாமலேயே பதிலடி கொடுக்க நேச நாடுகள் இரண்டு வழி பார்த்தன. பிரிட்டிஷ் டி.எச்.2, எஞ்சினைப் பின்னால் வைத்த ஒற்றை ஆள் விமானம். துப்பாக்கியை முதலில் அங்கே இங்கே திருப்பும்படிதான் மாட்டியிருந்தார்கள். 24ஆம் படைப்பிரிவின் லானோ ஹாக்கர் அதை ஆடாமல் இறுக்கிவிட்டு விமானத்தால் குறிபார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். பிரெஞ்சு நியூபோர்ட் 11, லூயிஸ் துப்பாக்கியை மேல் இறக்கைக்கு மேலே, புரொப்பல்லர் வட்டத்துக்கு வெளியே வைத்தது. அங்கே 47 தோட்டா கொண்ட தட்டு தீர்ந்தால் மாற்றுவது ஒரு சர்க்கஸ். இதே மாதிரி அமைப்பு கொண்ட மார்ட்டின்சைட் விமானத்தில் 1915 மே மாதம் முன்சொன்ன ஸ்ட்ரேஞ்ச் எழுந்து நின்று தட்டைக் கழற்றப் பார்த்தார். தட்டு சிக்கிக்கொண்டது, முழங்கால் பிடியிலிருந்து கட்டுப்பாட்டுத் தடி நழுவியது, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. கழற்ற முடியாத அந்தத் தட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, காலால் துழாவித் தடியை உதைத்து விமானத்தை நிமிர்த்தி உயிர் தப்பினார். தட்டு சுலபமாகக் கழன்றிருந்தால் அவர் இல்லை. பிறகு துப்பாக்கியைத் தண்டவாளம் போன்ற வளைவில் கீழே இழுத்து, உட்கார்ந்தபடியே மாற்றும் வசதி வந்தது.

1916 ஜூன் 18ல் இம்மெல்மான் இறந்தார். இதில் இரு தரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷார் தங்கள் எஃப்.இ.2பி விமானம் ஒன்று வீழ்த்தியதாகக் கணக்கில் வைத்தார்கள். ஜெர்மானியர்கள், இணைப்பு அமைப்பு பிசகிச் சொந்தக் குண்டே புரொப்பல்லரை அறுத்துவிட்டது, பாதி அலகோடு சுழன்ற எஞ்சின் விமானத்தை உலுக்கியே உடைத்துவிட்டது என்றார்கள். அவருடைய விமானத்தில் இந்தக் கோளாறு அதற்கு முன்பும் நேர்ந்ததுண்டு. மேலே போட்ட கணக்கும் அது நடக்கக்கூடியதே என்கிறது. ஆனால் எஃப்.இ.2பி அந்தச் சமயத்தில் சுட்டதும் உண்மை. ஒன்றை மட்டும் பிடித்து அடித்துச் சொல்ல முடியாது. அவர் பெயரால் வழங்கும் திருப்பமும் அப்படித்தான். இன்று அந்தப் பெயரில் செய்யும் அரைக்கரணத்தை அவருடைய பலவீனமான எஞ்சினும் முறுக்கும் இறக்கையும் போர்க்களத்தில் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். செங்குத்தாக ஏறி, வேகம் வடியும் நேரத்தில் பக்கவாட்டில் திருப்பி மறுபடி பாய்வதாக அது இருந்திருக்கலாம்.

அதுவரை சண்டை என்பது பெரும்பாலும் தனி வேட்டை. இரண்டு தரப்பிலும் சண்டை விமானங்கள் கூட்டமாக வந்து மோதத் தொடங்கியது 1916ல்தான். ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்க்கே புது விமானிகளுக்கு எழுதிக்கொடுத்த விதிகளில் வீரவசனமே இல்லை. சூரியனை முதுகில் வைத்துக்கொள், உயரத்திலிருந்து வா, நெருங்கிப் போன பிறகு சுடு, தாக்கத் தொடங்கினால் முடித்துவிட்டு வா, கூட்டமாகப் போ. செப்டம்பரில் அவருடைய படைப்பிரிவு புது ஆல்பட்ராஸ் விமானங்களோடு இறங்கியது. 160 குதிரைத்திறன் மெர்சிடஸ் எஞ்சின், ஒட்டுப்பலகையால் வழவழவென்று மூடிய உடல், இணைத்த துப்பாக்கி ஒன்றல்ல, இரண்டு. டி.எச்.2ஆல் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நவம்பர் 23ல் ஹாக்கரே ஓர் ஆல்பட்ராஸிடம் வட்டமடித்து வட்டமடித்துத் தோற்றார். எதிரே இருந்தவர் ஜெர்மானிய விமானி ரிஹ்ட்ஹோஃபன். போல்க்கே அதற்குள் இறந்துவிட்டிருந்தார், சுடப்பட்டு அல்ல. சொந்தக் கூட்டாளியின் விமானம் உரசி.

துப்பாக்கிச் சிக்கல் தீர்ந்ததும் அடுத்து இறக்கை உடைய ஆரம்பித்தது. நியூபோர்ட்டின் கீழ் இறக்கை குறுகலாக இருந்ததால் கீழே நன்றாகத் தெரிந்தது, ஏறுவதும் திரும்புவதும் இலகுவாக இருந்தது. அதைப் பார்த்து ஆல்பட்ராஸ் டி.3லும் கீழ் இறக்கையைக் குறுக்கினார்கள். குறுகிய இறக்கைக்குள் தாங்க ஒரே ஒரு மர விட்டம். செங்குத்தாகப் பாயும்போது காற்றழுத்தம் அந்த விட்டத்தைச் சுற்றி இறக்கையை முறுக்கும். அளவு தாண்டினால் விரிசல் விடும். 1917 ஜனவரி 24ல் சண்டை நடுவே ரிஹ்ட்ஹோஃபனின் கீழ் இறக்கை விரிந்தது, எப்படியோ இறக்கிவிட்டார். வலுவூட்டல் செய்து, நீண்ட பாய்ச்சலைத் தவிர்க்கச் சொல்லிச் சமாளித்தார்கள். அந்த ஊனத்தோடேயே இதே ஆல்பட்ராஸ்கள் 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்களை நாசம் செய்தன.

அதே சமயத்தில் பிரிட்டனுக்கு நல்ல இணைப்பு அமைப்பு வந்துவிட்டது. ருமேனியரான கான்ஸ்டன்டினெஸ்கோ கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணெய் நிரம்பிய குழாயில் அழுத்த அலையாகச் செய்தியை அனுப்பினார். தேய நெம்புகோல் இல்லை, எந்த எஞ்சினுக்கும் பொருத்தலாம், துப்பாக்கியும் வேகமாகச் சுடும். இதன் எதிரி குழாய்க்குள் புகும் காற்றுக் குமிழி. அழுத்தம் இறங்கினால் விமானி கைப்பிடியை இழுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு பெரும்பாலும் இரண்டு துப்பாக்கி, எல்லாரிடமும் சரியான இணைப்பு. மிச்சம் போட்டி திரும்புவதிலும் பாய்வதிலும்தான். பிரிட்டிஷ் சாப்வித் கேமல் விமானத்தில் எஞ்சின், எரிபொருள், விமானி, துப்பாக்கி எல்லாம் முன்பக்கம் ஒரே குவியலாக இருந்தன. புரொப்பல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும் வகை என்பதால் பம்பர விளைவும் சேர்ந்துகொண்டது. வலப்பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் திரும்பும், மூக்கு கீழே இழுக்கும். இடப்பக்கம் மூக்கு மேலே கிளம்பும். பழகாத பயிற்சி விமானிகள் பலரை அது தரையில் குத்தியது. பி.இ.2சி தானாக நேரே பறந்தது என்றேனே, இதை ஒரு நொடி சும்மா விட முடியாது. பிரிட்டிஷ் எஸ்.இ.5ஏவும் பிரெஞ்சு ஸ்பாடும் வேறு வழி: திரும்புவதில் சுமார், பாய்ந்து அடித்துவிட்டு மேலேறிப் போய்விடுவதில் கெட்டி. 1918ல் வந்த ஃபாக்கர் டி.7 தடித்த இறக்கையால் மெல்லிய காற்றிலும் நழுவாமல் தொங்கிக்கொண்டு சுட்டது. போர்நிறுத்த உடன்படிக்கை, ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் டி.7ஐப் பெயர் சொல்லியே கேட்டது.

வேவு விமானம் இதற்கிடையே காணாமல் போய்விடவில்லை. சண்டை விமானம் இருந்ததே அதைக் காக்கவும் எதிரியுடையதைக் கெடுக்கவும்தான். 1918ல் ஜெர்மானியர்களின் ரும்ப்ளர் சி.7 ஆறாயிரம் மீட்டருக்கு மேலே, பிராணவாயுக் குழாயும் மின்சாரத்தால் சூடேற்றிய உடையுமாக, கேமராவோடு போய்வந்துகொண்டிருந்தது. கீழிருந்து கிளம்பும் பெரும்பாலான சண்டை விமானங்களால் அந்த உயரத்தை எட்டி அதை மறிக்க முடியவில்லை.